பட்டாவும் ஜமாபந்தியும்: கச்சேரிச் சொற்களின் முதற்பொருள்

கேள்வி: பட்டா, ஜமாபந்தி, பசலி, கிஸ்தி, தாசில்தார் என்று நம் நில ஆவணங்களில் இருப்பவை எல்லாம் பாரசீகச் சொற்களா, உருதுச் சொற்களா? முதலில் அவற்றுக்கு என்ன பொருள்? தாத்தா பெயரில் உள்ள பழைய பட்டாவைப் படிக்க முயன்றபோது எழுந்த சந்தேகம்.

பதில்:

நீங்கள் கொடுத்த பட்டியலில் முதலில் நிற்கும் சொல்லே பாரசீகமும் அல்ல, உருதுவும் அல்ல. பட்டா வடமொழி 'பட்ட' என்பதிலிருந்து பிறந்தது. எழுதுவதற்கான பலகை, தகடு, துணிப்பட்டை என்பவை அதன் பழைய பொருள்கள். செப்புப் பட்டயம் என்கிறோமே, அந்தப் பட்டயமும் இதே வேர்தான். ஆக, இந்தச் சொல்லின் ஓர் உருவம் தமிழ்நாட்டில் பல நூற்றாண்டுகளாகவே இருந்தது. வடக்கே இந்துஸ்தானியில் 'பட்டா' என்று நீண்டு, வரி வசூலிக்கும் அலுவலகங்களின் பேச்சில் ஊறி, பாரசீகச் சொற்களோடு ஒரே மூட்டையில் கட்டப்பட்டு நம்மிடம் மறுபடியும் வந்து சேர்ந்தது. பட்டயம் கோயிலில் இருக்கிறது, பட்டா பீரோவில் இருக்கிறது. இரண்டும் ஒரு தாய் மக்கள் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை.

மற்றவை பெரும்பாலும் அரபு வேரில் முளைத்தவை. பாரசீகம் அவற்றை எடுத்து ஆட்சிமொழிச் சொற்களாக்கியது. 1649இல் செஞ்சி பீஜப்பூர் சுல்தானின் கைக்குப் போனது, 1670களில் தஞ்சையில் மராட்டியர் ஆட்சி தொடங்கியது, பிறகு ஆர்க்காட்டு நவாபுகள் வந்தார்கள், 1801இல் கர்நாடகப் பகுதி முழுவதும் கம்பெனியிடம் போனது. ஆள்வோர் மாறினாலும் கணக்கெழுதுவோர் அவ்வளவாக மாறவில்லை. மராட்டி தெரிந்த எழுத்தர்கள் எல்லா ஆட்சியிலும் பேனாவைப் பிடித்திருந்தார்கள். எனவே 'உருதுச் சொல்' என்று ஒரே வார்த்தையில் முடிப்பதைவிட, 'அரபு வேர், பாரசீக உருவம், தக்காணி அல்லது மராட்டி வழி' என்று சொல்வது உண்மைக்கு அருகில் இருக்கும்.

இனிப் பொருளுக்கு வருகிறேன். வருவாய்த் துறைத் தாள்களோடு பல ஆண்டுகள் பழகியவன் என்ற முறையில் என் கருத்து இது: இந்தச் சொற்களில் பெரும்பாலானவை நிலம் யாருடையது என்று சொல்லப் பிறந்தவை அல்ல, யாரிடம் எவ்வளவு வாங்க வேண்டும் என்று சொல்லப் பிறந்தவை. இதைப் பிடித்துக்கொண்டால் பழைய தாள் தானாகவே பேசத் தொடங்கிவிடும்.

பட்டாவையே எடுத்துக்கொள்வோம். வரிக் கணக்கில் பட்டா என்பது வரி வாங்குகிறவர் உழுகிறவருக்குக் கொடுக்கும் சீட்டு. 'உன் பெயரில் இன்ன நிலம் இருக்கிறது, அதற்கு நீ இவ்வளவு கட்ட வேண்டும், இதற்கு மேல் கேட்க மாட்டேன்' என்பது அதன் சாரம். அதற்கு எதிர்ச்சீட்டு ஒன்று உண்டு. வடக்கே அதற்குக் கபூலியத் என்று பெயர். கபூல் என்றால் ஒப்புக்கொள்ளல். நம் பக்கத்தில் அதை முச்சலிக்கா என்றார்கள். அது துருக்கி மொழியிலிருந்து பாரசீகம் எடுத்துக்கொண்ட சொல். எழுதிக்கொடுக்கும் உறுதிமொழி என்று பொருள். ஜமீன்தார் பட்டா கொடுப்பார், குடியானவர் முச்சலிக்கா எழுதிக்கொடுப்பார். இந்தக் கொடுக்கல் வாங்கலைச் சென்னை அரசாங்கம் 1802ஆம் ஆண்டின் 30ஆம் ரெகுலேஷனில் ஜமீன்தார்களுக்குக் கட்டாயமாக்கியது. காரணம் எளிது. எழுத்தில் எதுவும் இல்லாவிட்டால் ஜமீன் ஆட்கள் களத்துமேட்டில் நின்று கேட்டதெல்லாம் வரி ஆகிவிடும். குடியானவரைப் பொறுத்தவரை பட்டா ஒரு கேடயம்: 'இதில் எழுதியதற்கு மேல் ஒரு பைசா தர மாட்டேன்' என்று சொல்ல ஒரு தாள்.

ஜமீன் இல்லாத ஊர்களில் சர்க்காரே பட்டா கொடுத்தது. அதுதான் ரயத்துவாரி. ரயத்து என்பது 'ரஇயத்' என்ற அரபுச் சொல். மேய்ச்சலைக் குறிக்கும் வேரில் பிறந்தது. மேய்க்கப்படும் மந்தை என்பது முதற்பொருள். மன்னன் மேய்ப்பன், குடிகள் மந்தை என்ற எண்ணத்தில் 'குடிகள்' என்ற பொருள் வந்தது. பின்னர் அது உழவரைக் குறித்தது. வாரி என்பது பாரசீக ஒட்டு. 'ஒவ்வொன்றாக' என்று பொருள் தரும். ஆகவே ரயத்துவாரி என்றால் ஆள்வாரியாக வரி தீர்ப்பது. 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனி பெற்ற பாராமகாலில், அதாவது இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில், அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாக இருந்த தாமஸ் மன்றோவும் இந்த முறையை உருவாக்கினார்கள். இன்று உங்கள் கையில் இருக்கும் பட்டா அந்த வழியில் வந்தது.

என் பாட்டனார் வீட்டுத் தகரப்பெட்டியில் இருந்த ஒரு பட்டாவைச் சொல்கிறேன். பசலி 1352 என்று மேலே போட்டிருக்கிறது. கீழே தாலுகா, பிர்க்கா, கிராமம், பட்டா நம்பர், பட்டாதார் பெயர். அதன் கீழே இரண்டு வரிகள். நஞ்சை 1 ஏக்கர் 20 சென்ட், ஏக்கருக்குத் தீர்வை 7 ரூபாய் 8 அணா. ஆக 9 ரூபாய். புஞ்சை 2 ஏக்கர் 50 சென்ட், ஏக்கருக்கு 1 ரூபாய் 4 அணா. ஆக 3 ரூபாய் 2 அணா. மொத்தம் 12 ரூபாய் 2 அணா. மறுபக்கத்தில் தவணைக் கட்டங்கள்: தை, மாசி, பங்குனி, சித்திரை என நான்கு, ஒவ்வொன்றிலும் 3 ரூபாய் 6 பை. அந்தக் காலத்தில் 12 பை ஓர் அணா, 16 அணா ஒரு ரூபாய். கட்டியதும் கணக்குப்பிள்ளை அந்தக் கட்டத்தில் கையெழுத்திட்டிருக்கிறார். தாள் முழுவதையும் புரட்டிப் பார்த்தால் 'இந்த நிலம் உனக்குச் சொந்தம்' என்று ஓர் எழுத்துகூட இல்லை. முன்பக்கம் எவ்வளவு கட்ட வேண்டும், பின்பக்கம் எப்போது கட்ட வேண்டும், அவ்வளவுதான்.

அந்தத் தவணைதான் கிஸ்தி. 'கிஸ்த்' என்ற அரபுச் சொல்லுக்கு நீதி, நியாயமான பங்கு என்று பொருள். பங்கு பிறகு தவணை ஆயிற்று. தமிழில் தவணை மறைந்து வரியே கிஸ்தி ஆகிவிட்டது. 'கிஸ்தி கட்டியாயிற்றா?' என்று கேட்கிறவர் மனத்தில் மொத்த வரிதான் இருக்கிறது, நான்கில் ஒரு பங்கு இல்லை. நீதி என்று தொடங்கிய சொல், கடைசியில் தராவிட்டால் ஜப்தி என்று முடிந்ததை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வருத்தமும் வருகிறது.

இப்போது ஜமாபந்தி. 'ஜமா' என்றால் கூட்டுத்தொகை. 'பந்தி' பாரசீகத்தில் கட்டுதல். தொகையைக் கட்டி முடிப்பது, அதாவது இந்த ஆண்டுக்கு இந்த ஊர் தர வேண்டிய மொத்தம் இவ்வளவு என்று தீர்த்து எழுதுவது ஜமாபந்தி. மொகலாயக் கணக்குகளில் ஜமா என்பது விதிக்கப்பட்ட தொகை, ஹாசில் என்பது உண்மையில் கைக்கு வந்த தொகை. இரண்டும் ஒன்றாக இருந்ததே கிடையாது. அந்த இடைவெளியில்தான் பேரரசுகள் தடுமாறின.

தொகையை ஒருமுறை தீர்த்துவிட்டால் போதாதா, ஆண்டுதோறும் எதற்கு? ஏனென்றால் ரயத்துவாரியில் ஆண்டுக்கு ஆண்டு கணக்கு மாறும். குடியானவர் சில நிலத்தை விட்டுவிடலாம், புதிதாகச் சில நிலத்தை எடுக்கலாம். தரிசாகக் கிடக்கும் சர்க்கார் நிலத்தைக் கேட்டு மனுப் போடுவதற்குத் தர்காஸ்து என்று பெயர்; பாரசீகத்தில் 'தர்க்வாஸ்த்' என்றால் வேண்டுகோள். கிராமங்களில் இன்றும் 'அது தர்காஸ்து நிலம்' என்பார்கள். வேண்டுகோள் நிலத்தின் பெயராகவே ஒட்டிக்கொண்டது. நிலத்தை விடுவதற்கான தாள் பம்பாய் மாகாணத்தில் ராஜிநாமா. 'ராஜி' என்றால் சம்மதம், 'நாமா' என்றால் எழுத்து, சம்மதப் பத்திரம். நாம் இன்று வேலையை விடுவதற்குப் பயன்படுத்தும் ராஜினாமா இதுதான்.

பாட்டனார் பட்டாவையே வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அந்த ஆண்டு அவர் 50 சென்ட் புஞ்சையைத் தர்காஸ்தில் வாங்கினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குத் தீர்வை 10 அணா. மொத்தம் 12 ரூபாய் 12 அணா. அந்தப் புஞ்சைக்குச் சர்க்கார் ஏரித் தண்ணீரைப் பாய்ச்சியிருந்தால் அதற்கென்று ஒரு கூடுதல் உண்டு. அது தீர்வை ஜாஸ்தி. நஞ்சையில் இரண்டாம் போகம் வைத்திருந்தால் அதற்கு ஒரு கூடுதல். அது பசல் ஜாஸ்தி. நம் வீடுகளில் 'உப்பு ஜாஸ்தி' என்கிறோமே, அதே ஜாஸ்திதான். வெள்ளத்தில் பயிர் அழிந்திருந்தால் வஜா, அதாவது தள்ளுபடி. இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்தால் கிடைப்பது அந்த ஆண்டின் ஜமா. ஜாஸ்தியும் வஜாவும் இல்லை, அவர் 9 ரூபாய் கட்டியிருக்கிறார் என்றால் அவருடைய கணக்கு இப்படி இருக்கும்: ஜமா 12-12-0, வசூல் 9-0-0, பாக்கி 3-12-0. பழைய கணக்கில் ஜமா, வாசில், பாக்கி என்று மூன்று பத்தி. வாசில் என்றால் வந்து சேர்ந்தது, பாக்கி என்றால் எஞ்சியது. இன்று கேட்பு, வசூல், நிலுவை என்று எழுதுகிறார்கள். மூன்று பத்தியில் இரண்டின் பெயர் தமிழாக மாறியும், நடுவில் மட்டும் வாசிலின் வேரில் பிறந்த வசூல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது பாருங்கள்.

வரி இன்று பெயருக்குத்தான் இருக்கிறது. ஆனால் ஜமாபந்தி நடக்கிறது. வருவாய்த் தீர்வாயம் என்று பந்தலில் எழுதியிருப்பார்கள். உள்ளே எல்லோரும் ஜமாபந்தி என்றே சொல்வார்கள். மே, ஜூன் மாதங்களில் தாலுகா அலுவலகத்தில் பிர்க்கா வாரியாக நாள் குறிக்கப்படும். கிராம நிர்வாக அலுவலர்கள் தங்கள் கிராமக் கணக்குகளைத் துணியில் கட்டி எடுத்து வருவார்கள். அடங்கல், சிட்டா, 'அ' பதிவேடு எல்லாம் மேசைமேல் ஏறும். ஜமாபந்தி அலுவலர் ஒவ்வொன்றாகப் புரட்டிக் கையெழுத்திடுவார். நில அளவைச் சங்கிலியைக்கூட நீட்டிப் பார்ப்பார்கள். இழுத்து இழுத்துக் கண்ணிகள் நீண்டிருந்தால் அளவு தவறிவிடும் அல்லவா, அதற்காக. வெளியே பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, பாதை ஆக்கிரமிப்பு என்று மனுக்களோடு மக்கள் வரிசையில் நிற்பார்கள். முடிவில் குடிகள் மாநாடு என்று ஒரு கூட்டம் நடக்கும். அந்தப் பெயர் எனக்கு மிகவும் பிடிக்கும். மந்தை என்று தொடங்கிய ரயத்து, தமிழில் குடிகளாகி, கடைசி நாளில் மாநாடு போடுகிறார்.

ஒரு எச்சரிக்கை. ஜமாபந்தி என்று இணையத்தில் தேடினால் jamabandi.nic.in என்ற தளம் முதலில் வரக்கூடும். அது அரியானா மாநிலத்துடையது. பஞ்சாப், அரியானாப் பக்கத்தில் ஜமாபந்தி என்பது ஒரு நிகழ்ச்சி அல்ல, ஒரு பதிவேடு. நிலத்தில் யாருக்கு என்ன உரிமை, யார் உழுகிறார் என்று எழுதி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாகப் படியெடுப்பது. நம் ஊர்ச் சிட்டாவும் 'அ' பதிவேடும் செய்யும் வேலையை அங்கே ஜமாபந்தி செய்கிறது. ஒரே சொல், இரண்டு மாநிலங்களில் இரண்டு பொருள். தமிழ்நாட்டுப் பட்டாவைப் பார்க்க வேண்டுமானால் eservices.tn.gov.in தளத்துக்குப் போக வேண்டும்.

சிட்டாவைச் சொன்னதால் அதையும் முடித்துவிடுகிறேன். அது பாரசீகம் அல்ல. இந்துஸ்தானியின் 'சிட்டா', குறிப்புக் கணக்கு. கடிதத்துக்குச் சொல்லும் 'சிட்டி'யும் அதன் இனம். அடங்கல் முழுத் தமிழ். ஊரில் உள்ள எல்லாப் புல எண்களும் அதில் அடங்கியிருப்பதால் அடங்கல். இங்கே ஒன்றைக் கவனிக்கலாம். நஞ்சை, புஞ்சை, நத்தம், புறம்போக்கு, தரிசு என்று மண்ணில் கால் வைத்தால் தட்டுப்படும் சொற்கள் பெரும்பாலும் தமிழ். தாலுகா, ஜமா, பாக்கி, ஜப்தி என்று கச்சேரி வாசலில் கேட்கும் சொற்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவை. வயலுக்குப் பெயர் வைத்தவர் வேறு, வரி போட்டவர் வேறு.

பசலிக்கு வருவோம். உங்கள் தாத்தா பட்டாவில் தேதிக்குப் பதில் இது இருந்தால் குழப்பம் வரும். அரபில் 'ஃபஸ்ல்' என்றால் பிரித்தல், பிரிவு. ஆண்டின் பிரிவு பருவம். பருவத்தில் வருவது அறுவடை. ஆக, பசலி என்றால் அறுவடை ஆண்டு. கடனைப் பைசல் செய்தேன் என்கிறோமே, அந்தப் பைசலும் இதே வேர். வழக்கைப் பிரித்து முடிவு சொல்வது ஃபைஸல். மேலே சொன்ன பசல் ஜாஸ்தியில் அறுவடை என்ற முதற்பொருள் அப்படியே உயிரோடு இருக்கிறது.

அறுவடைக்கென்று தனி ஆண்டு ஏன் வேண்டியிருந்தது? ஹிஜ்ரி ஆண்டு நிலவை வைத்து எண்ணுவது. சூரிய ஆண்டைவிட ஏறக்குறைய 11 நாள் குறைவு. வரி கட்டும் மாதத்தை ஹிஜ்ரியில் குறித்தால், சில ஆண்டுகளில் அந்த மாதம் அறுவடைக்கு முன்னால் போய் நிற்கும். நெல் வயலில் பச்சையாக இருக்கும்போது வரியைக் கேட்டால் எங்கிருந்து கொடுப்பது? அதனால் அக்பர் காலத்தில் ஹிஜ்ரி 963ஐ, அதாவது கி.பி. 1556ஐத் தொடக்கமாகக் கொண்டு, அதற்கு மேல் சூரிய ஆண்டாக எண்ணும் முறை வந்தது. தக்காணத்தில் ஷாஜகான் இதை 1636இல் கொண்டுவந்தார். அப்போது ஹிஜ்ரி 1046 நடந்துகொண்டிருந்தது. அந்த எண்ணையே தொடக்கமாக வைத்துக்கொண்டார்கள். 1636இலிருந்து 1046ஐக் கழித்தால் 590. நம்முடைய பசலிக் கணக்கு இந்தத் தக்காணப் பசலி. எனவே பசலியோடு 590ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். இடைப்பட்ட 80 சூரிய ஆண்டில் ஹிஜ்ரி 83 ஆண்டு ஓடிவிட்டதால், வடக்கத்திப் பசலிக்கும் நம் பசலிக்கும் எண்ணில் இரண்டு மூன்று ஆண்டு வித்தியாசம் உண்டு. வடநாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக் கணக்கிட்டால் தவறிவிடும்.

பசலி ஆண்டு நம் பக்கத்தில் முதலில் ஆடி மாதப் பிறப்பை ஒட்டித் தொடங்கியது. 1855இல் ஜூலை 1 என்று மாற்றினார்கள். இன்றும் அதுதான். பசலி 1352 என்றால் 1942 ஜூலை 1 முதல் 1943 ஜூன் 30 வரை. தடுமாற்றம் வருவது ஆண்டின் முதல் பாதியில். 1943 பிப்ரவரியில் கட்டிய கிஸ்தி ரசீதைப் பார்த்து 1943இலிருந்து 590ஐக் கழித்து 1353 என்று எழுதுகிறவர்கள் உண்டு. ஜனவரி முதல் ஜூன் வரையிலான தேதிக்கு 591ஐக் கழிக்க வேண்டும். அப்போதுதான் 1352 வரும். ஒரு பாகப்பிரிவினைத் தகராறில் இரண்டு ரசீதுகள் ஒரே ஆண்டுக்கா, அடுத்தடுத்த ஆண்டுகளுக்கா என்று இரு தரப்பும் ஒரு நாள் முழுக்க வாதாடியதைப் பார்த்திருக்கிறேன். கடைசியில் பிரச்சினை இந்த ஓர் எண்தான்.

தாசில்தாரின் பெயரில் ஒரு சுவை இருக்கிறது. 'தஹ்சீல்' என்றால் திரட்டுதல். அதே வேரில் பிறந்தது 'மஹ்சூல்', திரட்டப்பட்டது, நம் மகசூல். மொகலாய வழக்கில் மஹ்சூலுக்கு விளைச்சல் என்றும் வரி என்றும் இரு பொருள் இருந்தன. தமிழ் விளைச்சலை மகசூலிடமும், வரி வாங்கும் வேலையைத் தாசில்தாரிடமும் பிரித்துக் கொடுத்துவிட்டது. உழவர் மகசூலைத் திரட்டுகிறார், தாசில்தார் அதில் பங்கைத் திரட்டுகிறார். இருவரும் ஒரே வேர். வசூல் இந்த வேர் என்று பலர் நினைக்கிறார்கள். அது வேறு, 'வந்து சேர்தல்' என்ற பொருளுடைய இன்னொரு வேர்.

தாசில்தாரில் உள்ள 'தார்' பாரசீகம். வைத்திருப்பவர் என்று பொருள். ஜமீன்தார், மிராசுதார், இனாம்தார், பட்டாதார் என்று தொடங்கி இது தமிழில் ஒரு தொழிற்சாலையையே நடத்திவிட்டது. பங்குதாரர், மனுதாரர், ஒப்பந்ததாரர், வாடகைதாரர், குடும்ப அட்டைதாரர்: எல்லாம் அதன் பிள்ளைகள். பங்கு தமிழ், தார் பாரசீகம், அர் மறுபடியும் தமிழ். யாரும் உறுத்தலாக உணர்வதில்லை. இன்னொன்றும் உண்டு. பட்டதாரி என்பதில் உள்ள 'தாரி' வடமொழி, தாங்கியவர், வைத்திருப்பவர். வடமொழித் தாரியும் பாரசீகத் தாரும் மிகப் பழங்காலத்தில் ஒரே வேரிலிருந்து பிரிந்தவை. முன்பாதியும் அதே 'பட்ட'தான். ஆகவே பல்கலைக்கழகத்துப் பட்டதாரியும் கிராமத்துப் பட்டாதாரும் சொல்லளவில் இரட்டைப்பிள்ளைகள். ஒருவர் வடமொழி வழியாக வந்தார், மற்றவர் தாலுகா அலுவலகம் வழியாக வந்தார்.

ஆட்சிப் பிரிவுகளை வேகமாகச் சொல்லிவிடலாம். ஜில்லா, அரபில் விலா எலும்பு. பிறகு பக்கம், பகுதி. தாலுகா, ஒன்றைச் சார்ந்து தொங்குவது. பிர்க்கா, பிரிக்கப்பட்ட கூட்டம். மஜரா, உழுநிலத்தையொட்டிய குடியிருப்பு, தாய்க் கிராமத்தைச் சேர்ந்த குக்கிராமம். இவற்றில் மாவட்டமும் வட்டமும் நிலைத்துவிட்டன. குறுவட்டம் தாளில் இருக்கிறது, வாயில் இன்னும் பிர்க்கா. பழைய பத்திரத்தில் பைமாஷ் நம்பர் என்று கண்டால் பயப்பட வேண்டாம். பைமாயிஷ் என்றால் அளத்தல், முறையான நில அளவைக்கு முந்திய பழைய அளவையின் எண் அது. இன்றைய புல எண்ணோடு ஒத்துப்போகாது. இரண்டையும் இணைத்துக் காட்டும் பழைய பதிவேட்டைக் கேட்டுத்தான் பார்க்க வேண்டும்.

உரிமையைச் சொல்லும் சொல் ஒன்றுமே வரவில்லையா என்று கேட்கலாம். வந்தது: மிராசு. 'மீராஸ்' என்றால் பரம்பரைச் சொத்து. வாரிசு என்பதும் அதே வேர். நம்மிடம் இதற்கு முன்பே காணியாட்சி என்ற சொல் இருந்தது. ஊர் நிலத்தில் பரம்பரைப் பங்கு, அதை விற்கவும் ஒற்றி வைக்கவும் உரிமை, ஊர் மான்யங்களில் பாகம் எல்லாம் சேர்ந்தது காணியாட்சி. சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ், அரசாங்கம் கேட்ட பதினேழு கேள்விகளுக்கு எழுதிய பதில் 1818இல் அச்சானது. அதில் அவர் மிராசு என்று எல்லோரும் சொல்வது பழைய காணியாட்சியே என்று வாதாடினார். அவர் தரப்புக்கு எதிர்த்தரப்பு, ஒவ்வோர் உழவரிடமும் நேராக வரி வாங்கும் ரயத்துவாரி. அது வென்றது. மிராசுதார் என்றால் இன்று தஞ்சைப் பக்கத்துப் பெரிய பண்ணையார் என்ற நினைவுதான் வருகிறது. பரம்பரைப் பங்காளி என்ற பொருள் போய்விட்டது. உரிமையைச் சொல்ல வந்த சொல் பின்வாங்கியது, வரியைச் சொல்ல வந்த பட்டா அதன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது.

அதனால்தான் இன்றைய சிக்கல். உங்கள் தாத்தா பெயரில் பட்டா இருக்கிறது. ஆனால் அந்த நிலத்தை அவர் 1960இல் பதிவுப் பத்திரம் எழுதித் தம்பிக்கு விற்றிருக்கிறார், தம்பி பட்டாவை மாற்றவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டா உங்கள் பக்கம், பத்திரம் சின்னத் தாத்தா வீட்டுப் பக்கம். நீதிமன்றம் பத்திரத்தைப் பார்க்கும். வருவாய்க் கணக்கில் பெயர் இருப்பது வரி வாங்குவதற்கான ஏற்பாடு, அது உரிமையை உண்டாக்காது, அழிக்காது என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. அதற்காகப் பட்டா வெறுந்தாள் என்றும் ஆகிவிடாது. தொடர்ந்து பட்டாவும் கிஸ்தி ரசீதும் இருந்தால் அனுபவத்தைக் காட்டும் சான்றாக எடுத்துக்கொள்வார்கள். தமிழ்நாட்டின் 1983ஆம் ஆண்டுப் பட்டா பாஸ்புத்தகச் சட்டம், அந்தப் புத்தகத்தில் உள்ள பதிவை முதல்நிலைச் சான்றாகக் கொள்ளலாம் என்கிறது. மறுசான்று வந்தால் அது நிற்காது.

ஆகவே தாத்தாவின் தாளை எடுத்து இந்த வரிசையில் பாருங்கள். பசலி எண்ணோடு 590ஐக் கூட்டி ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். புல எண்ணா, பைமாஷ் எண்ணா என்று பாருங்கள். பட்டாதார் ஒருவரா, பலரா என்று பாருங்கள். பலர் இருந்தால் அது கூட்டுப் பட்டா, யாருக்கு எந்தப் பகுதி என்று அது சொல்லாது. பின்பக்கத்துக் கிஸ்திக் கட்டங்களில் கடைசிக் கையெழுத்து எந்தப் பசலியோடு நிற்கிறது என்று பாருங்கள். அந்த ஆண்டை ஒட்டி நிலம் கை மாறியிருக்க வாய்ப்பு உண்டு. பதிவு அலுவலகத்தில் வில்லங்கச் சான்றுக்கு மனுப் போடும்போது அந்த ஆண்டுக்குச் சில ஆண்டுகள் முன்னும் பின்னும் சேர்த்துக் கேளுங்கள்.